ரிசல்ட் நாளில் புதிய என்ட்ரி: காலண்டரை எப்படிப் படிப்பது, எதை நிறுத்துவது

2024 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் நடந்த இரண்டு சம்பவங்களோடு இந்த அத்தியாயத்தைத் தொடங்கலாம். ஜனவரி 11, வியாழக்கிழமை, சந்தை மூடிய பிறகு இன்ஃபோசிஸ் தன் காலாண்டு முடிவை வெளியிட்டது. நிகர லாபம் 6,106 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் இதே காலாண்டைவிட 7 சதவீதத்துக்கு மேல் குறைவு. மறுநாள் பங்கு சுமார் 8 சதவீதம் ஏறியது. ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை, அதுவும் சந்தை நேரம் முடிந்த பிறகு, எச்.டி.எஃப்.சி. வங்கி முடிவை வெளியிட்டது. நிகர லாபம் 16,373 கோடி, 33 சதவீத உயர்வு. மறுநாள் பங்கு 1,679.15 ரூபாயிலிருந்து 1,537.50-க்கு இறங்கி முடிந்தது. ஒரே நாளில் 8.4 சதவீத இறக்கம்.

காரணங்களைப் பின்னால் இருந்து சொல்வது சுலபம். இன்ஃபோசிஸ் விஷயத்தில் சந்தை இன்னும் மோசமாக எதிர்பார்த்திருந்தது. எச்.டி.எஃப்.சி. வங்கியின் 33 சதவீதம் சரியான ஒப்பீடே அல்ல. 2023 ஜூலை 1 அன்று எச்.டி.எஃப்.சி. லிமிடெட் அந்த வங்கியோடு இணைந்துவிட்டது. இணைப்புக்கு முந்தைய வங்கியோடு இணைந்த வங்கியை ஒப்பிட்டால் எண் பெரிதாகத்தான் தெரியும். பெரிய முதலீட்டாளர்கள் பார்த்தது டெபாசிட்டை. அது முந்தைய காலாண்டைவிட 2 சதவீதம்கூடக் கூடவில்லை. ஆனால் ஜனவரி 16 மாலை மூன்று மணிக்கு, சார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ட்ரேடருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. லாப எண்ணை யாராவது முன்கூட்டியே காதில் சொல்லியிருந்தால்கூட அவர் தவறான பக்கம்தான் நின்றிருப்பார்.

அதனால்தான் இந்த விதி: ஒரு நிறுவனம் முடிவு வெளியிடும் நாளில் அதன் பங்கில் புதிதாக எதுவும் தொடங்காதே. முடிவு நல்லதா கெட்டதா என்ற ஊகம் இதில் இல்லை. உங்கள் ஸ்டாப்லாஸ் வேலை செய்யாத நேரம் ஒன்று வருகிறது, அதற்குள் புதிதாகக் காலெடுத்து வைக்க வேண்டாம் என்பது மட்டும்தான்.

ஸ்டாப்லாஸ் ஏன் காப்பாற்றாது

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் முதல் 5 லட்சம். ஒரு ட்ரேடில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று வைத்திருக்கிறீர்கள். அதாவது 5,000 ரூபாய். ஜனவரி 16 மாலை எச்.டி.எஃப்.சி. வங்கியை 1,679-ல் வாங்கி, 50 ரூபாய் கீழே 1,629-ல் ஸ்டாப்லாஸ் வைக்கிறீர்கள். 5,000-ஐ 50-ஆல் வகுத்தால் 100 பங்கு. பாடப்புத்தகத்தில் உள்ளபடி சரியான கணக்கு.

மறுநாள் காலை பங்கு திறந்ததே 1,629-க்கு வெகு கீழே. 1,629-ல் வாங்க ஆளே இல்லை. அந்த விலையில் வியாபாரமே நடக்கவில்லை. ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டராக இருந்தால் அப்போது கிடைத்த விலையில் விற்றிருக்கும். லிமிட் விலையோடு வைத்திருந்தால் விற்காமலே தொங்கியிருக்கும், பங்கு அதன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். 'திரும்ப ஏறும்' என்று காத்திருந்து மாலையில் 1,537.50-ல் விற்றவருக்கு நஷ்டம் பங்குக்கு 141 ரூபாய்க்கு மேல். 100 பங்குக்கு 14,150 ரூபாய். 5,000 இழப்பதாகத் திட்டமிட்டவர் அதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழந்தார். அவர் வகுத்த கணக்கில் பிழை இல்லை. 1,679-க்கும் 1,629-க்கும் நடுவில் சந்தை திறந்திருக்கும் என்று அந்தக் கணக்கு நம்பியிருந்தது. ரிசல்ட் இரவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

எஃப் அண்ட் ஓ-வில் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் வரம்பு கிடையாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 10 சதவீதத்தில் ஒரு தடை இருக்கும். ஆனால் வியாபாரம் அந்த விளிம்பில் நடந்துகொண்டே இருந்தால் அது நெகிழ்ந்து கொடுக்கும். எஃப் அண்ட் ஓ-வில் இல்லாத சின்னப் பங்குகளின் கதை வேறு மாதிரி. லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் எந்த விலைக்கும் விற்க முடியாது.

காலண்டரை எங்கிருந்து எடுப்பது

'ரிசல்ட் காலண்டர்' என்று பல தளங்களும் செயலிகளும் பட்டியல் தருகின்றன. அவற்றில் பாதி, போன வருடத் தேதியை வைத்துப் போட்ட உத்தேசம். நிறுவனம் இன்னும் தேதியே சொல்லாத நிலையிலும் அங்கே ஒரு தேதி இருக்கும். பங்குச் சந்தைக்கு நிறுவனம் அனுப்பும் போர்டு மீட்டிங் அறிவிப்பு மட்டுமே உண்மையான தேதி. காலாண்டுக் கணக்கை இயக்குநர் குழு ஒப்புக்கொண்டாக வேண்டும், ஒப்புக்கொண்டதும் வெளியிட்டாக வேண்டும். ஆகவே போர்டு மீட்டிங் தேதிதான் ரிசல்ட் தேதி.

என்.எஸ்.இ. தளத்தில் `Event Calendar` என்ற பக்கம் இருக்கிறது. `SYMBOL`, `COMPANY`, `PURPOSE`, `DETAILS`, `DATE` என்று ஐந்து பத்திகள். அதை அப்படியே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கண் முதலில் போக வேண்டிய இடம் `PURPOSE`. அங்கே `Financial Results` என்ற சொல் இருந்தால்தான் அது ரிசல்ட். கூடவே டிவிடெண்ட் சேர்ந்து வருவதும் உண்டு. நிதி திரட்டல், போனஸ், பைபேக் ஆகியவற்றுக்காகக் கூடும் போர்டு மீட்டிங்குகளும் இதே பட்டியலில்தான் வரும். அவையும் விலையை அசைக்கும், ஆனால் அது வேறு அத்தியாயம்.

அடுத்து `DETAILS` பத்தியைப் படியுங்கள். முடிந்தால் நிறுவனம் அனுப்பிய கடிதத்தையே திறந்து பாருங்கள். சில நிறுவனங்களின் போர்டு மீட்டிங் இரண்டு நாள் நடக்கும். இன்ஃபோசிஸ் அப்படித்தான்: 2023 ஏப்ரலில் 12, 13 தேதிகளில் கூடி, 13-ம் தேதி முடிவை வெளியிட்டது. தேதிப் பத்தியில் முதல் நாளை மட்டும் பார்த்துக்கொண்டு, '12-ம் தேதி போய்விட்டது, இனி பயமில்லை' என்று 13-ம் தேதி மதியம் வாங்கியவருக்கு என்ன ஆனது என்று பின்னால் பார்ப்போம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2024-ல் செபி செய்த திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனம் போர்டு மீட்டிங்கை இரண்டு வேலைநாள் முன்னதாகச் சொன்னால் போதும். சொல்லும் நாளும் கூடும் நாளும் இந்த இரண்டில் சேராது. பெரிய நிறுவனங்கள் வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடுகின்றன. ஆனால் சட்டப்படி, திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை ரிசல்ட் வெளியிட முடியும். ஞாயிறு மாலை மட்டும் பட்டியல் எடுக்கும் பழக்கமுள்ளவர் கண்ணில் அது படாது. ஞாயிறு ஒருமுறை, புதன் மாலை ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் திங்கள், செவ்வாய் கடிதங்கள் புதன் மாலையிலும், வியாழன், வெள்ளி கடிதங்கள் ஞாயிறன்றும் பிடிபட்டுவிடும். ஒரே ஒரு ஓட்டை மிச்சம்: புதன் இரவு கடிதம் கொடுத்து, சனிக்கிழமை ரிசல்ட் தரும் நிறுவனம். அதற்காக, வெள்ளிக்கிழமை எதை வாங்கினாலும் வாங்கும் முன் அந்தப் பங்கின் அறிவிப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். அரை நிமிட வேலை. தேதியை மாற்றிக்கொள்ளும் நிறுவனங்களும் இதிலேயே மாட்டும்.

காலாண்டுக் கடைசியில் 'டிரேடிங் விண்டோ மூடல்' என்று எல்லா நிறுவனமும் ஒரு கடிதம் அனுப்பும். பங்கில் வியாபாரமே நிற்கப்போகிறது என்று பயந்துகொண்டு கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நிறுவனத்தின் உள்ளே இருப்பவர்களுக்கான தடை. காலாண்டு முடிந்ததிலிருந்து, ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை அவர்கள் தங்கள் நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தாது. அதிலிருந்து ரிசல்ட் தேதியும் தெரியாது.

பருவம் தெரிந்திருந்தால் வேலை குறையும். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவு வர வேண்டும். ஆண்டு முடிவுக்கு மட்டும் 60 நாள். ஆகவே ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 ஆகியவை கடைசித் தேதிகள். ஐ.டி. நிறுவனங்களும் பெரிய வங்கிகளும் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே முடித்துவிடும். கடைசி நான்கைந்து நாளில் சின்ன நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும்.

'ரிசல்ட் நாள்' என்றால் எந்த நாள்?

விதியைக் கேட்பவர்கள் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. காலண்டரில் 16-ம் தேதி என்று போட்டிருக்கும். 16-ம் தேதி வாங்காமல் இருந்துவிட்டு, 17-ம் தேதி காலை 9.15-க்கு வாங்கிவிடுகிறார்கள். முடிவு 16-ம் தேதி மாலைதான் வந்தது என்றால், சந்தை அதற்குப் பதில் சொல்லும் நாள் 17. நாம் நிறுத்த வேண்டியது எண்ணுக்கும் சந்தையின் பதிலுக்கும் இடையே உள்ள நேரத்தை. அது எங்கே விழுகிறது என்பது முடிவு வரும் மணியைப் பொறுத்தது.

சந்தை நேரத்தின் நடுவில் முடிவு தரும் நிறுவனங்கள் ஒரு வகை. மாருதி சுசுகி, ஏசியன் பெயின்ட்ஸ் ஆகியவை பல காலாண்டுகளில் அப்படித் தந்திருக்கின்றன. மதியம் ஒரு மணி போல எண்கள் வந்து விழும். அடுத்த சில நிமிடங்களில் விலை இரண்டு பக்கமும் பாய்ந்துவிட்டுத்தான் ஒரு திசையைப் பிடிக்கும். இந்த வகைக்கு அந்த ஒரு நாளை முழுதாக விட்டுவிட்டால் போதும். 'எண் வந்துவிட்டதே, இனி என்ன' என்று இரண்டு மணிக்கு உள்ளே போகாதீர்கள். நிர்வாகத்தினர் ஆய்வாளர்களோடு பேசும் கூட்டம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்; மறுநாள் விலையை மாற்றுவது அங்கே சொல்லப்படும் ஒரு வாக்கியமாக இருக்கலாம்.

மாலை 3.30-க்குப் பிறகு தருபவை இரண்டாவது வகை. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் இதில் வரும். இவற்றுக்கு இரண்டு நாள் நிறுத்தம்: காலண்டரில் உள்ள நாள், அதற்கடுத்த வர்த்தக நாள்.

மூன்றாவது வகை சனிக்கிழமை முடிவுகள். பெரிய வங்கிகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஏப்ரல் 20-ம் தேதி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி ஏப்ரல் 27-ம் தேதி முடிவு தந்தன, இரண்டும் சனிக்கிழமை. காலண்டரில் சனி என்று பார்த்துவிட்டு 'அன்று சந்தையே இல்லையே' என்று கடந்து போனால், வெள்ளிக்கிழமை மாலை பங்கை வாங்கி வைத்துக்கொண்டு ரிசல்ட்டுக்குள் நுழைகிறீர்கள். இங்கே நிறுத்த வேண்டியது வெள்ளியும் திங்களும்.

எந்த நிறுவனம் எந்த வகை என்பது கடிதத்தில் இருக்காது. ஆனால் கண்டுபிடிப்பது எளிது. போன நான்கு காலாண்டின் ரிசல்ட் அறிவிப்புகளைச் சந்தைத் தளத்தில் திறந்தால், ஒவ்வொன்றும் வெளியான நேரம் நிமிடத்தோடு இருக்கும். அந்தக் கடிதங்களிலேயே 'கூட்டம் இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடிந்தது' என்ற வரியும் இருக்கும். போர்டு மீட்டிங் முடிந்து 30 நிமிடத்துக்குள் முடிவை அனுப்ப வேண்டும் என்பது விதி. சந்தை நேரத்துக்குப் பிறகு முடியும் கூட்டத்துக்கு 2024 டிசம்பரில் செபி மூன்று மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டதால், இப்போது இரவு எட்டு, ஒன்பது மணிக்கு முடிவு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நான்கு காலாண்டில் மூன்று ஒரு வகை, ஒன்று வேறு வகை என்றால் கடினமான வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் சும்மா இருப்பதில் பணம் போகாது.

இதை ஒவ்வொரு முறையும் மனதில் கணக்குப் போட வேண்டாம். ஒரு ஷீட்டில் A பத்தியில் பங்கின் பெயர், B-யில் காலண்டர் தேதி, C-யில் வகை என்று எழுதுங்கள். வகைக்கு நடு நேரம் என்றால் `MID`. மாலையோ விடுமுறை நாளோ என்றால் `POST`. H பத்தியில் அந்த ஆண்டின் சந்தை விடுமுறைகள். பிறகு D2, E2 கட்டங்களில் முறையே இந்த இரண்டு வரிகள்:

```
=WORKDAY(B2+1,-1,$H$2:$H$20)
=WORKDAY(B2,IF(C2="MID",1,2),$H$2:$H$20)
```

D2 நிறுத்தம் தொடங்கும் நாள். B2 சனிக்கிழமையாக இருந்தால் அதுவே வெள்ளிக்குப் பின்வாங்கிக்கொள்ளும். E2 மறுபடி உள்ளே போகலாம் என்ற முதல் நாள். D-யில் உள்ள நாள் முதல் E-க்கு முந்தைய நாள் வரை அந்தப் பங்கு உங்களுக்கு மூடிய கடை. பட்ஜெட்டுக்காக 2025 பிப்ரவரி 1 போல ஏதோ ஒரு சனிக்கிழமை சந்தை திறந்தால் இந்தச் சூத்திரத்துக்கு அது தெரியாது. அதைக் கையால் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது 2023 ஏப்ரலுக்கு வருவோம். இன்ஃபோசிஸ், B2-வில் 13 ஏப்ரல், வியாழன், `POST`. மறுநாள் 14, அம்பேத்கர் ஜெயந்தி, சந்தை விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. ஷீட் சொல்வது: 13-ம் தேதியே நிறுத்து, 18-ம் தேதி திற. நடந்தது என்ன? 13-ம் தேதி மாலை வந்த முடிவில் லாபம் 6,128 கோடி, ஆண்டுக்கு ஆண்டு உயர்வுதான். ஆனால் காலாண்டு வருவாய் முந்தைய காலாண்டைவிடக் குறைந்திருந்தது. வரும் ஆண்டுக்கான வளர்ச்சி மதிப்பீடு 4 முதல் 7 சதவீதம் என்று நிறுவனம் சொன்னது சந்தை நினைத்திருந்ததைவிடக் குறைவு. அன்று இரவே நியூயார்க்கில் அதன் ஏ.டி.ஆர். பெரிதாகச் சரிந்தது. இங்கே வாங்கி வைத்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், விற்க வழியில்லை. 17-ம் தேதி திங்கட்கிழமை, சுமார் 1,389-ல் இருந்த பங்கு சுமார் 1,258-ல் முடிந்தது. 13-ம் தேதி மதியம் வாங்கியவர் இதைத்தான் சுமந்தார்.

மறந்துபோன ஆர்டர்களும் என்ட்ரிதான்

நிறுத்தம் என்றால் கையால் வாங்காமல் இருப்பது மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜி.டி.டி. ஆர்டர் என்ன ஆகும்? மூன்று வாரத்துக்கு முன்பு, 'எச்.டி.எஃப்.சி. வங்கி 1,600-க்கு வந்தால் வாங்கலாம், நல்ல சப்போர்ட்' என்று வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஜனவரி 17 காலை பங்கு 1,600-க்குக் கீழே திறக்கிறது. உங்கள் ஆர்டர் விழித்துக்கொண்டு வாங்கிவிடுகிறது. நீங்கள் நினைத்த சப்போர்ட் மெதுவாக இறங்கி வந்து நின்று திரும்பும் விலை. கிடைத்ததோ அடியோடு பெயர்ந்து விழும் விலை. மாலை 1,537.50.

அதனால் D பத்தியின் தேதிக்கு முந்தைய மாலை, அந்தப் பங்கில் தொங்கிக்கொண்டிருக்கும் எல்லா வாங்கும் ஆர்டரையும் ரத்து செய்யுங்கள். ப்ரேக்அவுட்டுக்காக மேலே வைத்தவையும் அதில் அடக்கம். ஏற்கெனவே கையில் உள்ள பங்குக்கான ஸ்டாப்லாஸைத் தொடாதீர்கள். அது என்ட்ரி அல்ல. ஏற்கெனவே இருப்பதில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பது மட்டும் என்ட்ரிதான். 'ஆவரேஜ் பண்ணுகிறேன்' என்று பெயர் வைத்தாலும் அப்படித்தான்.

ரிசல்ட் நாளில் ஆப்ஷன் வாங்குவதையும் சிலர் விதிவிலக்காக நினைக்கிறார்கள், நஷ்டம் பிரீமியத்தோடு நின்றுவிடும் என்பதால். நிற்கும், சரி. ஆனால் ரிசல்ட்டுக்கு முன் அந்த பிரீமியத்திலேயே வரப்போகும் அசைவுக்கான விலை ஏறியிருக்கும்; முடிவு வந்ததும் அது வடிந்துவிடும். திசை சரியாக இருந்தும் அசைவு போதவில்லை என்றால் பணம் போகும்.

இன்டெக்ஸ் மட்டும் வியாபாரம் செய்பவருக்கும் காலண்டர் தேவை. ஜனவரி 17 அன்று எச்.டி.எஃப்.சி. வங்கியின் இழுப்பில் பேங்க் நிஃப்டி 4 சதவீதத்துக்கு மேல், சுமார் 2,060 புள்ளி இறங்கியது. நிஃப்டி 460 புள்ளி. முந்தைய மாலை பேங்க் நிஃப்டி வாங்கி வைத்தவர் தனக்கும் எச்.டி.எஃப்.சி. வங்கி ரிசல்ட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருக்கலாம். இன்டெக்ஸில் முதல் மூன்று நான்கு இடத்தில் உள்ள பங்குகளின் ரிசல்ட் தேதிகளை இன்டெக்ஸின் ரிசல்ட் தேதியாகவே எழுதி வையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, விதியைத் தளர்த்தலாம் என்று நான் நினைக்கும் இடம் ஒன்று உண்டு. மாலை வெளியிடும் பங்கில், அன்றே வாங்கி அன்றே 3.20-க்குள் விற்றுவிடும் இன்ட்ராடே ட்ரேடருக்கு ரிசல்ட் சுமை அநேகமாக இல்லை. ஆனால் கூட்டம் வழக்கத்துக்கு முன்பே முடிந்து இரண்டே முக்காலுக்கு எண் வரலாம். மதியத்துக்கு மேல் அவரும் ஒதுங்குவது நல்லது.

முந்தைய நாட்களும் அடுத்த நாளும்

ஸ்விங் ட்ரேடர் ஐந்து முதல் பத்து நாள் வைத்திருக்கிறார். ரிசல்ட் நாளில் வாங்காமல் மூன்று நாள் முன்பு வாங்கினால் அவரும் அதே இரவைத்தான் கடக்கிறார். அப்படியானால் அந்த ஒரு நாள் விதிக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று நாள் முன்பு வாங்கியவருக்கு, ரிசல்ட்டுக்கு முன் வெளியே வர இன்னும் மூன்று நாள் வாய்ப்பு இருக்கிறது. விலை சாதகமாகப் போயிருந்தால் கொஞ்சம் லாப மெத்தையும் இருக்கும். ரிசல்ட் நாளில் வாங்குபவருக்கு இரண்டும் இல்லை. அதனால் ரிசல்ட் நாள் விதி கட்டாயம். முந்தைய நாட்களுக்கு வேறு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: 'D பத்தியின் நாளுக்கு முந்தைய நாள் குளோசிங்கில் எப்படியும் விற்றுவிடுவேன் என்று இப்போதே எழுதி வைக்கத் தயாரா?' தயாரென்றால் வாங்கலாம். ரிசல்ட்டுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, அந்த இரண்டு நாளில் உங்கள் டார்கெட் வர வாய்ப்பில்லை என்றால், வாங்குவதற்குக் காரணமும் இல்லை.

நிறுத்தம் முடிந்த பிறகு? E பத்தி சொல்வது 'வாங்கு' என்றல்ல, 'இனி பார்க்கலாம்' என்று. எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு E தேதி ஜனவரி 18. அன்றும் பங்கு சுமார் 3 சதவீதம் இறங்கியது. பெரிய நிதி நிறுவனங்கள் ஒரே நாளில் விற்று முடிப்பதில்லை. ரிசல்ட்டின் திசையிலேயே விலை இன்னும் சில நாள் நகர்வது அடிக்கடி நடக்கும். சந்தை பதில் சொன்ன அந்த ஒரு நாளின் உச்சத்தையும் அடியையும் சார்ட்டில் இரண்டு கோடாகப் போடுங்கள். வாங்க நினைப்பவர், மேல்கோட்டுக்கு மேலே ஒரு குளோசிங் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். எச்.டி.எஃப்.சி. வங்கியில் இந்த ஒரு நிபந்தனை 18-ம் தேதி யாரையும் உள்ளே விட்டிருக்காது.

இந்த விதிக்கு விலை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 11 மாலை டி.சி.எஸ். முடிவு தந்தது; மறுநாள் பங்கு 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. காலண்டர் பார்த்து ஒதுங்கியவருக்கு அது கிடைக்கவில்லை. தொடக்கத்தில் சொன்ன இன்ஃபோசிஸின் 8 சதவீதமும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த ஏற்றத்தைப் பிடித்தவரும், எச்.டி.எஃப்.சி. வங்கியில் மாட்டியவரும் வாங்கும் நேரத்தில் வைத்திருந்த தகவல் ஒன்றேதான். அதில் லாபம் வருவதைத் திறமைக் கணக்கில் எழுத முடியாது.

இத்தனையும் படித்த பிறகும் ரிசல்ட் நாளில் வாங்கியே தீர வேண்டும் என்பவர், ஸ்டாப்லாஸ் தூரத்தை மறந்துவிட்டு, பங்கு பத்து சதவீதம் கீழே திறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடட்டும். 1,679 ரூபாய்ப் பங்கில் பத்து சதவீதம் 168 ரூபாய். தாங்கக்கூடிய நஷ்டம் 5,000 ரூபாய் என்றால், வாங்கக்கூடியது 100 பங்கு அல்ல, 29.